யார் பெயரும் இல்லாத அறிக்கை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது மடல் சூடாகும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சூடான காது திங்கட்கிழமை வரை ஆறவில்லை. அதில் பாதிக் கோபம் யார் மேல் வர வேண்டியது என்பது எனக்கு சனிக்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது.

எங்கள் அலுவலகம் தென்னூரில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருக்கிறது. நாங்கள் நாலு பேர். முதலாளி லக்ஷ்மணன் சார். கணக்கும் சட்ட வேலைகளும் இன்னாசிராஜ். சந்தை நேரத்தில் திரையை விட்டுக் கண்ணை எடுக்காத சர்ஃபராஸ். அப்புறம் நான், ஹம்ஸா. பங்குச் சந்தையில் சாருடைய பணத்தைப் போட்டு, யாரும் கை வைக்காமல் ஒரு புரோகிராமே வாங்கி விற்கிறது. அந்தப் புரோகிராமை எழுதியவள் நான்.

அது வேலை செய்யும் விதம் எளிது. அலுவலகத்தில் என் மேசைக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் உண்டு. நாங்கள் அதைப் பெட்டி என்போம். சந்தை நடந்த ஒவ்வொரு நாளும் மாலை ஆறரைக்குப் பெட்டி அன்றைய விலைகளை எடுத்துக் கணக்குப் போட்டு, மறுநாள் எந்தப் பங்கை வாங்கலாம், எதை விற்கலாம் என்று ஒரு பட்டியல் தயாரிக்கும். அதைத்தான் சிக்னல் என்கிறோம். பட்டியல் மும்பையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சர்வருக்குப் போய்விடும். காலை ஒன்பது இருபதுக்கு அந்த சர்வர் பட்டியலைப் படித்து ஆர்டர் போடும், மூணேகாலுக்குள் வாங்கியதை விற்று, விற்றதைத் திரும்ப வாங்கி எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளும். ஒரு நாள் பட்டியல் ஒரு நாளைக்குத்தான். மறுநாள் அது பழைய பேப்பர்.

பெட்டி மேல் 'எப்போதும் அணைக்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும்.

புதன்கிழமை ஆயுத பூஜை. சந்தைக்கு லீவு கிடையாது. மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும் பூஜை போட்டோம். திரைகளுக்கும் கீபோர்டுகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தது, பொரி கடலை கலந்தது, வாசலில் பூசணிக்காய் உடைத்தது எல்லாம் ஆனந்தவள்ளி அக்கா. கீழச் சிந்தாமணியிலிருந்து வருகிற அவருக்கு நாற்பத்தேழு வயது. ஐந்து வருஷமாக எங்கள் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, டீ போட்டு, சாவி வைத்திருப்பவர். சம்பளம் மட்டும் ஓர் ஏஜென்சி வழியாகப் போகும். பூஜையில் வைத்த பொருளை விஜயதசமி காலை வரை தொடக் கூடாது என்பது வழக்கம் அல்லவா, லக்ஷ்மணன் சார் அதில் ரொம்பக் கண்டிப்பு. கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, நாளைக்குக் காலையில வந்து விளக்கேத்திட்டு ஆன் பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். எல்லோருக்கும் அவரவர் வீட்டில் பூஜை. நாங்களும் அந்த வேலையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பெட்டியைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை விஜயதசமி, சந்தைக்கும் லீவு. ஆனந்தவள்ளி அக்கா மட்டும் காலையில் வந்து விளக்கேற்றி எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டுப் போயிருக்கிறார். பெட்டியையும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு சர்ஃபராஸ் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினான்.

"ஹம்ஸா, புதன்கிழமையும் இதே பதினாலு பங்குதானே?"

இதேதான். ஒன்றுகூட மாறவில்லை. செவ்வாய் மாலை போட்ட பட்டியல், புதனன்று ஒரு முறை ஓடி முடிந்தது, வெள்ளியன்று மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. புதன் முழுக்க வங்கிப் பங்குகள் ஏறியிருந்தன. பட்டியலோ அவற்றை விற்கச் சொன்ன பட்டியல். வெள்ளியன்று விற்ற பிறகும் அவை ஏறிக்கொண்டே போயின. புரோகிராமை நிறுத்தி, விற்றதையெல்லாம் கூடுதல் விலைக்கு வாங்கிக் கணக்கை முடித்தபோது நாலு லட்சத்துக்கு மேல் போயிருந்தது. எங்கள் மாதிரிச் சின்ன இடத்துக்கு அது இரண்டு மாத உழைப்பு.

சார் கத்தவில்லை. அவர் கத்துகிற ஆள் கிடையாது. நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "திங்கக்கிழமை ரிவ்யூ வச்சுக்கலாம். வழக்கம்போல யார் பேரும் போடாம எழுதிடுங்க" என்றார்.

இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான்தான். பெங்களூரில் வேலை பார்த்த இடத்தில் கற்றுக்கொண்டது. தப்பு நடந்தால் யார் செய்தது என்று தேடக் கூடாது. அந்த நேரத்தில் அவருக்குத் தெரிந்த அளவில் அது ஏன் சரியென்று பட்டது, அதைத் தடுக்க வேண்டிய இடத்தில் ஏன் ஒன்றுமே இல்லை என்று தேட வேண்டும். பயம் இருந்தால் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், அதனால்தான். போன வருஷம் சர்ஃபராஸ் ஓர் ஆர்டரில் சைபர் ஒன்றைக் கூடுதலாகத் தட்டிவிட்டான். அறிக்கையில் 'எண்ணிக்கைக் கட்டத்துக்கு மேல்வரம்பு இல்லை' என்றுதான் எழுதினேன். அன்றைக்கு சார் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிய நாள் அது.

நான் திரும்பும்போது சார் சாதாரணமாகச் சொன்னார். "ஏஜென்சிக்குப் பேசிட்டேன். திங்கக்கிழமையிலேர்ந்து வேற லேடி வருவாங்க."

"ஏன் சார்?"

"ஏன்னா? ஸ்டிக்கர் ஒட்டியிருக்கற பெட்டியை ஆஃப் பண்ணியிருக்காங்க. அலட்சியம்ங்க. இப்படி ஒரு ஆளை எப்படி வச்சுக்கறது?"

"யார் மேலயும் பழி போடாத ரிவ்யூன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது நம்ம டீமுக்கு. அவங்க ஏஜென்சி ஆளு."

காது அப்போது சூடானது. டீமாம்! ஐந்து வருஷமாக எனக்கு டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்காமலே போடுகிறவர் டீம் இல்லை. ஏதாவது நறுக்கென்று சொல்ல வாயெடுத்தேன். சாருக்குப் போன் வந்துவிட்டது. வெளியே வந்தால், ஆனந்தவள்ளி அக்கா தன் டிபன் பாக்ஸையும் உள்ளே தொங்கிய பழைய புடவையையும் ஒரு துணிக்கடைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. சாவிக் கொத்தை இன்னாசிராஜ் மேசையில் வைத்தார். இன்னாசிராஜ் கணக்கு நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சர்ஃபராஸ் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், சந்தை முடிந்த பிறகு அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டாலும்.

"அக்கா, அந்தப் பெட்டியையும் யாராவது ஆஃப் பண்ணச் சொன்னாங்களா? சொல்லுங்க, நான் சார்ட்ட பேசறேன்" என்றேன்.

என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "அதெல்லாம் விடுங்க மேடம். போயிட்டு வரேன்."

சனிக்கிழமை ஸ்ரீரங்கத்தில், வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுதினேன். அப்பா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டார், நான் போகவில்லை. சாரைக் கிழித்துத் தொங்கவிட வேண்டும் என்ற வேகம். 'எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க' என்று சொன்னது அவர்தானே? அதைப் பெயர் போட்டு எழுதினால் என்ன? ஆனால் முதலில் இயந்திரக் கதை.

புதன் மாலை ஆறரைக்குப் பெட்டி அணைந்திருந்ததால் புதுப் பட்டியல் தயாராகவில்லை. பட்டியல் தயாராகாவிட்டால் எங்கள் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும். வரவில்லை, ஏனென்றால் எச்சரிக்கையை அனுப்ப வேண்டியதும் அதே பெட்டிதான். இதை நான் மூன்று வருஷமாக யோசித்ததே கிடையாது.

அடுத்தது இன்னும் மோசம். ஏப்ரலில் அடிக்கடி கரண்ட் போனபோது, பெட்டி திரும்ப உயிர் பெற்றதும் கையிலிருக்கும் பட்டியலை மும்பைக்கு மறுபடி அனுப்பிவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். பாதியில் அறுந்துபோன பட்டியல் முழுசாகப் போய்ச் சேரட்டும் என்ற நல்லெண்ணம். வியாழன் காலை பத்தே முக்காலுக்கு அக்கா பெட்டியை ஆன் செய்ததும் அந்த வரி செவ்வாய்க்கிழமைப் பட்டியலை எடுத்து அனுப்பியிருக்கிறது. மும்பை சர்வர் பழைய பட்டியலை ஏமாந்து எடுத்துக்கொள்ளாமலிருக்க ஒரு சோதனையும் எழுதியிருந்தேன்: கடைசிச் சந்தை முடிந்த பிறகு வந்த பட்டியலா என்று அது பார்க்கும். வந்தது வியாழன் காலை, கடைசிச் சந்தை முடிந்தது புதன் மூன்றரை. பாஸ். பட்டியல் எப்போது வந்தது என்று பார்க்கச் சொல்லியிருந்தேனே தவிர, அது எந்த நாள் விலையை வைத்துப் போட்டது என்று பார்க்கச் சொல்லவில்லை. அந்தத் தேதி பட்டியலின் முதல் வரியிலேயே இருக்கிறது. யாரும் படிக்காத முதல் வரி.

சரி, இது என் தப்பு. இதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வலிக்கவில்லை. 'சோதனை தவறான தேதியைப் பார்த்தது' என்று எழுதினேன். பார்த்தீர்களா, என் பெயர் எவ்வளவு அழகாக மறைந்துவிட்டது!

நேர வரிசையில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. பெட்டி அணைந்தது நாலு பதினாறு என்று அதன் பதிவில் இருந்தது. சார் கிளம்பியது மூன்று ஐம்பது இருக்கும். நாங்கள் எப்போது கிளம்பினோம் என்று பார்க்க, பூஜைப் போட்டோக்களின் நேரத்துக்காகப் போனை எடுத்தேன். கூடவே அழைப்புப் பட்டியலையும் தள்ளிப் பார்த்தேன்.

புதன், மாலை 4.12. ஆனந்தவள்ளி அக்கா. முப்பத்தெட்டு விநாடி.

முதலில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அப்புறம் எல்லாம் வந்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட். ஒரு கையில் வாழைக்கன்று, இன்னொரு கையில் பூப்பை, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். பஸ் ஹாரன், மைக்கில் யாரோ பொரி விற்கிற சத்தம். பூக்காரரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டே பேசினேன். அக்கா ஏதோ கேட்டார். "மேடம், அந்த ஸ்டிக்கர் ஒட்டின பெட்டியும்…" என்ற வரைக்கும் கேட்டிருக்கிறது. மீதியை நான் கேட்கவேயில்லை. "ஆமாக்கா, ஆமா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க, சார்தான் சொன்னாரே" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அவர் ஸ்டிக்கரைப் படித்திருக்கிறார். சார் சொன்னது ஸ்டிக்கருக்கு எதிராக இருக்கிறதே என்று யோசித்திருக்கிறார். தெரிந்த ஆளிடம் கேட்டிருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு ஒழுங்காக வேலை பார்த்தது அவர் ஒருவர்தான். அவரைப் பிடித்து வெளியே அனுப்பிவிட்டு, அலட்சியம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

எனக்கு அப்போது யார் மேல் கோபம் வந்தது தெரியுமா? அக்கா மேல்! "யாராவது சொன்னாங்களா" என்று முகத்துக்கு நேரே கேட்டேனே, 'நீங்கதான்' என்று சொன்னால் என்ன? அந்தக் கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்புறம் வந்ததைக் கோபம் என்று சொல்வதா, என்னவென்று சொல்வது. அவருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கவில்லை. நேரில் போயிருக்கலாம், சிந்தாமணி பக்கம்தான், காவிரிப் பாலத்தைத் தாண்டினால் போதும். போகவில்லை. கூச்சம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை சந்தை முடிந்ததும் நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். புது அம்மா ஒருவர் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனார். நான் அறிக்கையைப் படித்தேன். செய்ய வேண்டிய மாற்றங்கள்: பட்டியலுக்குள் இருக்கும் விலைத் தேதி கடைசிச் சந்தை நாளாக இல்லாவிட்டால் ஒரு ஆர்டர்கூடப் போகக் கூடாது. பெட்டி உயிர் பெற்றதும் பழைய பட்டியலை அனுப்பும் வரியை எடுத்துவிட வேண்டும். மாலை ஏழரைக்குள் புதுப் பட்டியல் வராவிட்டால் மும்பை சர்வரே எங்கள் போனுக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவருக்குத் திருப்தி.

"ஒண்ணு பாக்கி இருக்கு சார். நாலு பன்னெண்டு" என்றேன். போனைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். "ஆஃப் பண்றதுக்கு முன்னாடி அவங்க எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்காங்க. நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல நான் சரியா காதுல வாங்கலை."

வேலை போகும் என்று எதிர்பார்த்தேனா? குறைந்தபட்சம் முகமாவது சுருங்கும் என்று எதிர்பார்த்தேன். சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"அட, சத்திரத்துல அந்தக் கூட்டத்துல யாருக்குங்க காது கேக்கும்? யாருக்கும் நடக்கறதுதான். ஒரு கம்யூனிகேஷன் கேப்னு போட்டுக்கங்க. பேரெல்லாம் வேண்டாம்."

"வெள்ளிக்கிழமை இதுக்குப் பேரு அலட்சியம் சார்."

"அது வேற…"

"என்ன வேற? அதே பெட்டி, அதே ஸ்விட்ச். அவங்க பண்ணினா அலட்சியம், நான் பண்ணினா கேப்பா? அவங்க கேட்டுட்டுப் பண்ணினாங்க. நான் கேக்காம பதில் சொன்னேன். எது சார் அலட்சியம்?"

குரல் உயர்ந்துவிட்டது. கீழே பல் ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டிருக்கும். சார் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. அப்போது சர்ஃபராஸ் மேசையைப் பார்த்தபடியே பேசினான்.

"சார், முதல்ல எல்லாத்தையும் ஆஃப் பண்ணச் சொன்னது நீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்கணும்."

சார் தன் உள்ளங்கையைப் பார்த்தார். கற்பூரத்தை ஒற்றிய கை. அவர் மறந்தே போயிருந்தார் என்று முகத்தில் தெரிந்தது. வேண்டுமென்று செய்கிற மனிதர் இல்லை அவர். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம்.

"சொன்னேன்" என்றார் கடைசியில். "சொன்னேன்தான்."

"இந்த ரிவ்யூவுல யார் மேலயும் பழி இல்லைன்னு முதல் வரி இருக்கு சார். ஒருத்தர் மேல பழியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டு அந்த வரியை எழுத என்னால முடியாது. அவங்களைக் கூப்பிடுங்க. இல்லைன்னா நீங்களே எழுதிக்கங்க."

இன்னாசிராஜ் ஏஜென்சி நம்பரைப் போட்டு, போனை சார் பக்கம் தள்ளினார். சார் பேசினார். ஆனந்தவள்ளியைக் கன்டோன்மென்ட்டில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றிவிட்டோம், சம்பளம் கொஞ்சம் குறைச்சல்தான், அவர்கள் சம்மதித்தால் நாளைக்கே திருப்பி அனுப்புகிறோம் என்றது ஏஜென்சி. தப்பு எங்கள் பக்கம் என்று சார் இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

நான் மொட்டை மாடிக்குப் போய் அக்காவுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை எடுத்தார். பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"அக்கா, நாளைக்கு ஆபீஸுக்கு வந்துடுங்க. சார் ஏஜென்சிக்குப் பேசிட்டார். நான்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏன் மேடம் சொன்னீங்க? நான்தான் சொல்லாம வந்துட்டேன்ல. உங்க வேலை போயிடும்னுதானே போனைக்கூட எடுக்காம இருந்தேன்? நீங்க கேட்டு, நான் ஏதாவது உளறிட்டா என்ன பண்றதுன்னு." மூச்சு வாங்கினார். "என்ன சொன்னாரு? உங்களையும் நிறுத்திட்டாரா?"

"இல்லக்கா."

"சம்பளத்துல பிடிக்கிறாரா?"

"இல்ல."

"திட்டினாரா?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "சிரிச்சாருக்கா. யாருக்கும் நடக்கறதுதான்னாரு."

அடுத்துப் பேசியபோது அவர் குரலில் நான் ஐந்து வருஷத்தில் கேட்டிராத கோபம் இருந்தது.

"அவ்வளவுதானா? இது தெரிஞ்சிருந்தா நான் அன்னைக்கே சொல்லியிருப்பேனே மேடம்."